அரை மணியில் கறுக்கும் ‘மூலிகை’

மளிகைக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஹேர் டை பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் ‘ஹெர்பல்’ என்றோ ‘மூலிகை’ என்றோ அச்சிட்டிருக்கும். முன்பக்கம் மருதாணி இலையும் நெல்லிக்காயும் படமாக இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியலை நின்று படிப்பவர்கள் குறைவு. படித்தால், கறுப்பு நிறம் தரும் பொடிகள் பலவற்றில் மருதாணியோடு பாரா ஃபினைலின் டையமின் என்ற பெயரும் இருக்கும். சுருக்கமாக பி.பி.டி. இது ஆலையில் தயாராகும் ரசாயனம். கூடவே பேரியம் பெராக்சைடும் இருக்கும். நரையைக் கறுப்பாக்குவது இந்த ஜோடிதான். மருதாணிக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

காரணம், மருதாணியால் கறுப்பு தர முடியாது. அதன் இலையில் லாசோன் என்ற நிறமி சுமார் 1 சதவீதம் இருக்கிறது. இலைப்பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊறவைத்தால் லாசோன் வெளியே வந்து, முடியில் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நரைமுடியில் அது தரும் நிறம் ஆரஞ்சுச் சிவப்பு. ஓரிரு நாளில் சற்றுக் கருஞ்சிவப்பாகும், அவ்வளவுதான். டீ டிகாக்‌ஷன் ஊற்றி, இரும்பு வாணலியில் இரவெல்லாம் ஊறவைக்கும் வீட்டு வழக்கத்தில் இரும்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்து நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கும். அப்போதும் கிடைப்பது பழுப்புதான், கறுப்பு இல்லை.

மருதாணியின் உண்மையான நன்மையும் இங்கேதான் இருக்கிறது. புரதத்தோடு ஒட்டிய லாசோன் முடியின் மேல் ஒரு மெல்லிய பூச்சாக நிற்பதால் முடி தடிமனாகவும் பளபளப்பாகவும் தெரிகிறது. அம்மோனியாவும் பெராக்சைடும் இல்லாததால் முடியின் மேற்தோல் திறந்து சேதமாவதில்லை. ஆனால் வழுக்கையில் முடி முளைக்கும், நரை நிரந்தரமாகக் கறுக்கும் என்ற விளம்பரங்களுக்கு ஆதாரம் கிடையாது. நிறமி வேர்ப்பைக்குள் போவதில்லை. புதிதாக வளரும் முடி வெள்ளையாகத்தான் வரும். சிலருக்கு முடி வறண்டுபோவதும் உண்டு.

கறுப்பு வேண்டுமென்றால் செடியிலேயே வழி இருக்கிறது. மருதாணிக்கு மேல் அவுரி போட வேண்டும். நீலச் சாயத்துக்காகத் தமிழ்நாட்டில் திண்டிவனம் பக்கம் பயிராகும் அதே அவுரிதான். ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும்.

தோள்வரை உள்ள முடிக்குச் சுமார் 100 கிராம் மருதாணிப் பொடி போதும். எலுமிச்சைச் சாறு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து ஆறு முதல் எட்டு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத முடியில் தடவி இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு அதே அளவு அவுரிப் பொடியை ஒரு சிட்டிகை உப்புடன் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். இதை ஊறவைக்கக் கூடாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் மேலே நீலம் பூத்ததும் உடனே தடவ வேண்டும். தாமதித்தால் நிறமி கிண்ணத்திலேயே காற்றுப் பட்டு வீணாகிவிடும். ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்து அலசினால் முதலில் பச்சை சாயலடிக்கும்; பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் கறுக்கும். அதுவரை ஷாம்பு கூடாது.

மொத்தத்தில் ஒரு விடுமுறை நாளே போய்விடும். பாக்கெட் பொடியோ அரை மணியில் வேலையை முடிக்கிறது. மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அரை மணிக்கான விலையை எல்லோரும் கொடுப்பதில்லை, ஆனால் கொடுப்பவர்கள் கடுமையாகக் கொடுக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் இப்படி வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே விஷயம்: “பல வருஷமா இதையேதான் டாக்டர் போடறேன், ஒண்ணும் ஆனதில்லையே.” பி.பி.டி. அலர்ஜியின் குணமே அதுதான். பல முறை பேசாமல் இருக்கும் உடம்பு, ஒரு கட்டத்தில் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு முறையும் எதிர்க்கிறது. டை போட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்து நெற்றி ஓரம், காது மடல், பின்கழுத்தில் அரிப்பு தொடங்கும். தலையில் நீர் கசியும். கண் இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். இடையில் ஒரு நாள் ஓடிவிடுவதால் பலர் முந்தைய இரவு சாப்பிட்ட கத்தரிக்காயையோ கருவாட்டையோதான் சந்தேகப்படுகிறார்கள்.

ஒருமுறை வந்த இந்த அலர்ஜி பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். சில துணிச் சாயங்களும், பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்தும்கூட அதே எதிர்ப்பைத் தூண்டலாம். கல்யாண வீடுகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் கையில் போடும் ‘கறுப்பு மருதாணி’யில் பி.பி.டி. அதிகமாகச் சேர்ப்பதால், சிறுவயதில் அதைப் போட்டுக்கொண்டவருக்குப் பிற்காலத்தில் முதல் ஹேர் டையே கொப்பளிக்கக்கூடும்.

இந்தியாவில் பி.பி.டி. உள்ள டைகளில் எச்சரிக்கை அச்சிடுவது கட்டாயம். முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும், இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வை போகலாம் என்கிறது அது. வெறும் சம்பிரதாயமல்ல. 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயத்தைப் பூசிக்கொண்ட பெண் ஒருவர் பார்வை இழந்தார். அந்த நாடு 1938இல் அழகுசாதனப் பொருள்களைச் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததற்கு இத்தகைய சம்பவங்களும் காரணம்.

பட்டியலில் பெயர் போடும் நிறுவனமாவது படிப்பவரை எச்சரிக்கிறது. பெயரே போடாமல் கலப்பதுதான் பெரிய மோசடி. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் நகரம் மருதாணிக்குப் பேர்போனது; 2021இல் புவிசார் குறியீடும் பெற்றது. நல்ல இலைக்கு விலை அதிகம் என்பதால் பழைய, தரம் குறைந்த பொடியில் சோடியம் பிக்ரமேட் என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்தைச் சேர்த்து விற்பவர்கள் உண்டு. எடைக்கு மணல், பசுமைக்குப் பச்சைச் சாயம் ஆகியவையும் சேரும்.

வீட்டில் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஈரமான வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவினால், சுத்தமான இலைப்பொடி மெதுவாக மங்கிய பழுப்பாகக் கசியும். உடனே பளிச்சென்று சிவப்போ பச்சையோ ஓடினால் சாயம் இருக்கிறது. குழைத்த விழுது காற்றுப் படும் மேற்புறம் மட்டும் பழுப்பாகி, உள்ளே பச்சையாக இருந்தால் நல்லது. சில நிமிடத்தில் முழுவதும் கறுத்தால் அதைத் தலையில் வைக்கக் கூடாது. கடைசியாக, சீப்பில் சிக்கிய நரைமுடிகளை விழுதில் அரை மணி வைத்துப் பாருங்கள். கறுத்து வந்தால் அது மருதாணி இல்லை. இவையெல்லாம் குத்துமதிப்புதான், உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

சுத்தமான மருதாணிக்கு அலர்ஜி அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. பொடித் தூசி மூச்சில் ஏறி இளைப்பு வருபவர்கள் இருக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு உடலில் மருதாணி பூசினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகலாம். கைக்குழந்தைக்குப் பூசவே வேண்டாம்.

எந்தப் பொடியானாலும் முழங்கை மடிப்பில் சிறு பொட்டாகத் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தால் அதை வைத்தே நிறுத்திவிடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ தலையை நன்றாக அலசிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலி பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதனால் வந்தது என்று மருத்துவர் கண்டுபிடிக்க அதுதான் முதல் தடயம்.