கிரியேட்டின் சிலருக்கு ஏன் பலிப்பதில்லை?

2004-ல் கனடாவின் ஆய்வாளர்கள் சைரோட்டுயிக், பெல் இருவரும் 11 ஆண்களுக்கு 5 நாள் கிரியேட்டின் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 0.3 கிராம் என்பது அளவு. 70 கிலோ ஆளுக்கு 21 கிராம் வரும். தொடையிலிருந்து சிறு தசைத்துணுக்கை எடுத்து, முன்பும் பின்பும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மூவருக்கு நன்றாக ஏறியிருந்தது. ஐவருக்கு அரைகுறையாக. மீதி மூவரின் தசையில் ஏறக்குறைய ஒன்றும் சேரவில்லை.

நன்றாக ஏறிய மூவரிடம் சில ஒற்றுமைகள் இருந்தன. தொடக்கத்தில் அவர்கள் தசையில் கிரியேட்டின் குறைவு. நார்கள் தடிமன். வேகமாகச் சுருங்கும் நார்களின் பங்கும் அதிகம்.

தசையில் இரண்டு வகை நார்கள் கலந்திருக்கின்றன. மெதுவானவை ஆக்சிஜனைக் கொண்டு நெடுநேரம் உழைக்கும். வேகமானவை பளு தூக்குவது, ஓட்டத்தின் முதல் சில நொடிகள் போன்ற வேலைக்கு. அப்போது அவை பாஸ்போகிரியேட்டினைத்தான் எரித்துத் தீர்க்கின்றன. ஆகவே கூடுதல் இருப்பு கிடைத்தால் பலன் தெரியும் இடமும் இவைதான்.

ஆனால் இங்கே ஒரு முரண் இருக்கிறது. வேக நார்கள் இயல்பாகவே பாஸ்போகிரியேட்டினை அதிகம் வைத்திருப்பவை. அவை மிகுந்தவருக்குத் தொடக்க இருப்பு கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? உணவு இதைக் கொஞ்சம் விளக்கும்: இறைச்சி, மீன் தொடாதவர்களின் தசையில் இருப்பு குறைவு, நிரப்ப இடம் அதிகம். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல 11 பேர் போதாது என்பது என் கருத்து.

மரபணு இரண்டு வழிகளில் உள்ளே வருகிறது. நார்களின் விகிதம் ஓரளவு பிறப்பிலேயே அமைகிறது. 1995-ல் சிமோனோ, பூஷார் இருவரும் இதில் மரபின் பங்கு சுமார் 45 சதவீதம் என்று கணித்தார்கள். இன்னொரு வழி, கிரியேட்டினை ரத்தத்திலிருந்து நாருக்குள் கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதம். எக்ஸ் குரோமோசோமிலுள்ள SLC6A8 என்ற மரபணு இதை உருவாக்குகிறது. அது கடுமையாகப் பழுதானால் குழந்தைகளுக்குப் பேச்சும் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படும். ஆரோக்கியமான ஜிம் ஆட்களிடையே உள்ள சிறு வேறுபாடுகளுக்கும் இந்த மரபணுவே காரணம் என்பது இன்னும் ஊகம்தான். அதைச் சோதித்து 'உங்களுக்குப் பலிக்கும்' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

தசையை அளக்கும் சோதனை இல்லாமல் உறுதியாக அறிய வழியில்லை. முதல் வாரத்தில் எடை ஒரு கிலோ கூடினால் தசைக்குள் நீர் சேர்ந்த அறிகுறியாக இருக்கலாம். இது தோராயமான தடயமே. தினம் 3 கிராம் மட்டும் எடுப்பவருக்குத் தசை நிரம்ப 28 நாள் வரை ஆகும். பத்தாவது நாளில் தன்னைப் பலிக்காதவர் பட்டியலில் அவர் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.