நேர்காணல் முடிந்தது, ஹெச்.ஆரிடமிருந்து பேச்சே இல்லை

மூன்று ரவுண்டு நேர்காணல் முடிந்திருக்கும். பே ஸ்லிப்புகளைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், எப்போது வந்து சேர முடியும் என்றெல்லாம் விசாரித்திருப்பார்கள். "அடுத்த வாரம் சொல்லிவிடுகிறேன்" என்று ஹெச்.ஆர். சொன்ன அந்த வாரமும் போய்விடும். அதற்குப் பிறகு போன் எடுக்க மாட்டார், மெயிலுக்குப் பதில் வராது, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும்.

இந்தக் கட்டத்தில் கோபமாக ஒன்று எழுதத் தோன்றும், அல்லது கெஞ்சி ஒன்று எழுதத் தோன்றும். இரண்டுமே வேண்டாம். நாலைந்து வரியில் இணக்கமாக ஒரு செய்தி போதும். ஆனால் அந்த நாலைந்து வரியைச் சரியாக எழுத, அந்தப் பக்கம் ஏன் மௌனம் என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மிடம் பேசுகிற ஹெச்.ஆருக்கு நம்மை எடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. ஆள் வேண்டும் என்று கேட்டவர் அந்த டீமின் மேனேஜர். சம்பளத்துக்கு ஒப்புதல் தருபவர் அவருக்கும் மேலே இருப்பவர். நடுவில் நிற்கும் ஹெச்.ஆர். ஒரே சமயத்தில் பத்து, இருபது காலியிடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலிருந்து முடிவு வராதவரை நம்மிடம் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது பேசாமல் இருந்துவிடுவது பலருடைய வழக்கம். "இன்னும் முடிவாகவில்லை" என்று ஒரு வரி எழுதினால் நமக்கு எவ்வளவோ ஆறுதல், ஆனால் அதை எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்தப் பழக்கம் மாற வேண்டியதுதான்.

வெளியே அதிகம் தெரியாத காரணம் ஒன்று உண்டு. நாம் இரண்டாவது ஆளாக இருக்கலாம். ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். முதலில் தேர்வானவர் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, அந்த மூன்று மாதத்துக்குள் இன்னும் நல்ல சம்பளம் கிடைத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவார். சேர வேண்டிய நாளன்று காலையில் போனை அணைத்து வைத்துவிடுபவர்களும் உண்டு. இந்தப் பயத்தில், முதல் ஆள் வந்து உட்காரும்வரை இரண்டாவது ஆளுக்கு "இல்லை" என்று சொல்ல நிறுவனம் தயங்கும். "ஆம்" என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றும் சொல்லாது.

இன்னொன்று, அந்த இடமே ஹோல்டில் போயிருக்கலாம். வாடிக்கையாளரின் ப்ராஜெக்ட் தள்ளிப்போயிருக்கும், அல்லது பட்ஜெட்டை மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பார்கள். இதை வெளியே சொல்ல ஹெச்.ஆருக்கு அனுமதி இருக்காது. கடைசியாக, நம்மை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இதுவும் நிறையவே நடக்கிறது.

இவற்றில் எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எந்தக் கட்டத்தில் பேச்சு நின்றது என்பது ஓரளவு துப்புக் கொடுக்கும். முதல் போன் உரையாடலோடு நின்றுபோனால் பெரும்பாலும் நம் பெயர் கழிந்துவிட்டது. ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். பே ஸ்லிப் வாங்கி, சம்பளமும் பேசிய பிறகு நின்றால், விஷயம் ஒப்புதலில் சிக்கியிருக்கவோ நாம் இரண்டாவது ஆளாக இருக்கவோ வாய்ப்பு அதிகம். அப்போது முறையாகக் கேட்பதில் பலன் உண்டு.

கோவையில் வேலை பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஆறு வருட அனுபவம். சென்னை நிறுவனம் ஒன்றில் ஜூன் 4 அன்று மேனேஜர் ரவுண்டு முடிந்தது. 10ஆம் தேதிக்குள் சொல்வதாக ஹெச்.ஆர். சொன்னார். 10 போயிற்று. மறுநாளே கேட்டால் அவசரமாகத் தெரியும் என்பதால் அந்தப் பெண் ஒரு நாள் விட்டு, 12ஆம் தேதி எழுதினார். ஹெச்.ஆர். தேதியே சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்து வேலைநாள் பொறுப்பது சரியான அளவு.

எழுதும்போது புது மெயில் ஆரம்பிக்காமல், நேர்காணலுக்கு அழைத்த பழைய மெயிலுக்கே பதிலாக எழுதினார். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் இதில்தான் பாதி வேலை இருக்கிறது. பழைய மெயிலில் பதவியின் பெயர், நேர்காணல் நாள், நம் ரெஸ்யூமே எல்லாம் கீழே இருக்கும். ஹெச்.ஆர். எதையும் தேட வேண்டாம். "ஹாய் மேடம், எனி அப்டேட்?" என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திக்கு ஏன் பதில் வருவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். போன் திரையில் தெரிவது ஒரு நம்பரும் அந்த நாலு சொல்லும்தான். யார் இவர், எந்த வேலை என்று தேட இரண்டு நிமிடம் ஆகும். அதனால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைப்பார், பிறகு பார்க்கவே மாட்டார்.

முதல் செய்தி இவ்வளவுதான்: "வணக்கம் மேடம். சீனியர் டெஸ்டர் வேலைக்கு ஜூன் 4 அன்று மேனேஜர் ரவுண்டு முடித்திருந்தேன். அதன் முடிவு பற்றி ஏதாவது தெரிந்ததா? என்னிடமிருந்து வேறு விவரம் தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன். நன்றி."

பதில் வரவில்லை. இதற்கிடையே 18ஆம் தேதி இன்னொரு நிறுவனத்திலிருந்து அவருக்கு ஆஃபர் வந்தது. 25க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது அவரிடம் சொல்ல ஒரு புதுச் செய்தி இருக்கிறது. 19ஆம் தேதி அதே மெயிலில் எழுதினார்: "வணக்கம் மேடம். சீனியர் டெஸ்டர் வேலை தொடர்பாக மறுபடி எழுதுகிறேன். வேறு ஒரு நிறுவனத்தின் ஆஃபர் வந்திருக்கிறது, 25க்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் டீமில் சேரவே எனக்கு விருப்பம். 24க்குள் ஏதாவது தெரிந்தால் சொல்ல முடியுமா?" மெயில் அனுப்பியிருப்பதாக வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி, பெயரும் பதவியும் சேர்த்து.

கையில் ஆஃபர் இருந்தால் மட்டுமே இப்படி எழுத வேண்டும். இல்லாத ஆஃபரைச் சொல்லி அவசரப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. "அந்த லெட்டரை அனுப்புங்கள், பார்த்து எங்கள் ஆஃபரைப் பேசலாம்" என்று ஹெச்.ஆர். கேட்பது இங்கே சர்வசாதாரணம். அந்த இடத்தில் பொய் நின்றுவிடும். ஹெச்.ஆரைத் தாண்டி மேனேஜருக்கே எழுதுவதும் இந்தக் கட்டத்தில் உதவாது. மேனேஜர் அதை அப்படியே ஹெச்.ஆருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார், ஹெச்.ஆருக்கு நம்மேல் வருத்தம்தான் மிஞ்சும். மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்தால் அது வேறு. அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். அப்போது நிறுவனத்தின் பொது ஹெச்.ஆர். முகவரிக்கு அதே மெயிலை அனுப்பி, இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

24ஆம் தேதி வந்தது. அப்போதும் பதில் இல்லை. 25 காலையில் அந்தப் பெண் மற்ற நிறுவனத்தின் ஆஃபரை ஒப்புக்கொண்டார். அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். பதில் சொல்லாதவர்களுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் விஷயத்தை நம் பக்கத்திலிருந்து முடித்துவைக்கும் செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் எழுதியது:

"வணக்கம் மேடம். சீனியர் டெஸ்டர் வேலை தொடர்பாக. வேறு ஆஃபரை இன்று ஒப்புக்கொண்டுவிட்டேன், அதனால் என் விண்ணப்பத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம். மேனேஜரோடு பேசியது நன்றாக இருந்தது, பிறகு பொருத்தமான இடம் வந்தால் பேசலாம். உங்கள் நேரத்துக்கு நன்றி."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். "பல முறை தொடர்புகொண்டும்" இல்லை. "ஏமாற்றமாக இருக்கிறது" இல்லை. தொந்தரவுக்கு மன்னிப்பும் இல்லை, கேட்டதில் தவறு எதுவும் இல்லையே. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. அதனால் ஹெச்.ஆர். பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இல்லை, இவரும் காத்திருக்க வேண்டியதில்லை. வேறு ஆஃபர் கையில் இல்லாதவர்களும் இதே மாதிரி முடிக்கலாம். "இந்த இடத்துக்கு வேறு ஆள் முடிவாகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள்" என்ற ஒரு வரி, ஆஃபர் பற்றிய வரிக்குப் பதிலாக வரும். முடிவு சொல்லும் சங்கடம் இல்லாததால், அதுவரை வாய் திறக்காத ஹெச்.ஆர். இந்தச் செய்திக்குப் பதில் போடுவதும் உண்டு. ஹோல்டில் இருக்கிறது என்ற உண்மை அப்போதுதான் வெளியே வரும்.

பேசிக்கொண்டிருப்பது நிறுவனத்தின் ஹெச்.ஆராக இல்லாமல் கன்சல்டன்சிக்காரராக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். நாம் வேலையில் சேர்ந்த பிறகுதான் அவருக்குக் காசு. நம் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை, அதாவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், இங்கே பரவலாகப் பேசப்படும் கட்டணம். ஆகவே நல்ல செய்தி இருந்தால் அவரே ஓடி வந்து சொல்வார். அவர் மௌனமானால் ஒன்று நிறுவனம் அவருக்கே பதில் சொல்லவில்லை, அல்லது நம் பெயர் கழிந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு நிறுவனத்துக்கு நேரே எழுதினால், ரெஸ்யூமே யார் மூலம் வந்தது என்ற தகராறு கிளம்பும். அந்தத் தகராறு வேண்டாம் என்று நிறுவனமே நம்மை ஒதுக்கிவிடலாம். "கிளையன்ட் பக்கம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?" என்று கன்சல்டன்சிக்காரரிடம் கேளுங்கள். அதற்கு ஒரு தேதி சொல்ல முடிந்தால் விஷயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்தச் செய்தியை அனுப்பினாலும், ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்கக் கூடாது. "ஒப்புதல் வந்துவிடும், பேப்பர் போட்டுவிடுங்கள்" என்று போனில் சொன்னதை நம்பி நோட்டீஸ் கொடுத்தவர்கள்தான் இந்த மௌனத்தில் அதிகம் அடிபடுகிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கடைசி வேலைநாளை நோக்கி ஓடுகிறது. அந்த நிலையில் இருப்பவர் ஹெச்.ஆரின் பதிலுக்காகக் காத்திருக்காமல், ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று சொந்த மேனேஜரிடம் அந்த வாரமே பேசிவிட வேண்டும். அவர் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்ட பிறகு அந்தக் கதவும் மூடிவிடும்.

மூன்று மாதம் கழித்து, முதல் ஆள் சேராமல் போன ஒரு நாளில், அந்தச் சென்னை நிறுவனத்திலிருந்து டெஸ்டர் பெண்ணுக்கு மறுபடி அழைப்பு வரலாம். பழைய பட்டியலைத் திறக்கும் ஹெச்.ஆருக்கு அவரைப் பற்றிக் கடைசியாகத் தெரிவது அந்த நாலு வரிதான், அதில் கூப்பிடத் தயங்க ஒன்றும் இல்லை. அப்படி வந்தால் அவர் முதலில் கேட்க வேண்டியது, ஆஃபருக்கு இப்போது ஒப்புதல் கிடைத்துவிட்டதா, இல்லை மறுபடி நேர்காணலிலிருந்து தொடங்குகிறோமா என்பதை.