செலவில்லா மாசம் முடிஞ்ச மறுநாள் என்ன நடக்குது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

'நோ ஸ்பெண்ட் மாசம்' நான் ரெண்டு தடவை இருந்திருக்கேன். முதல் தடவை ஜூன்ல. வெற்றிகரமா முடிச்சேன், ஆனா கடைசில நஷ்டம். அது எப்படின்னுதான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல விதிகள். செலவே பண்ணக்கூடாதுங்கிறது இதுக்கு அர்த்தம் இல்ல. வாடகை, கரண்ட் பில், மளிகை, மருந்து, பஸ் பாஸ், ரீசார்ஜ், இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் வழக்கம்போல போகும். நிறுத்துறது மத்ததை: டெலிவரி சாப்பாடு, துணி, ஆட்டோ, கேப், ஆன்லைன்ல கண்ணுல படுற பொருள். எனக்கு இந்த வகையில மாசம் சுமார் 9,000 ரூபா போயிட்டிருந்துச்சு.

ஜூன்ல அதை 1,600-க்குக் கொண்டுவந்தேன். 7,400 மிச்சம். அது அப்படியே சம்பள அக்கவுண்ட்லயே கிடந்துச்சு. ஜூலை பொறந்ததும் 3,200-க்கு ஷூ, 2,400-க்கு ரெண்டு குர்தா, 'ஒரு மாசம் கஷ்டப்பட்டோமே'ன்னு 2,800-க்கு டெலிவரி சாப்பாடு. கூட்டிப் பார்த்தா 8,400. மிச்சம் பிடிச்சதைவிட 1,000 ரூபா அதிகம்!

ஏன் இப்படி? நான் செலவைக் குறைக்கல, தள்ளிப்போட்டேன். ஷூ கிழிஞ்சுபோச்சு, அது என்னைக்கானாலும் வாங்க வேண்டியதுதான். அதை மிச்சக் கணக்குல சேர்த்ததே தப்பு. குர்தா ஜூன் முழுக்க கார்ட்ல உட்கார்ந்து காத்திட்டிருந்துச்சு. சாப்பாடு நானே எனக்குக் கொடுத்துக்கிட்ட பரிசு.

அடுத்த தடவை செப்டம்பர்ல நாலு விஷயத்தை மாத்தினேன்.

ஒண்ணு, கொஞ்சம் காசை விட்டுவச்சேன். வாரத்துக்கு 300 ரூபா, டீக்கும் பஜ்ஜிக்கும். ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா போக முடிஞ்சுது. எல்லாத்தையும் இறுக்கிக் கட்டினாதான் முடிச்சு அவிழும்போது தெறிக்குது. கல்யாண மொய் மாதிரி வரப்போறது தெரிஞ்ச செலவையும் முன்னாடியே எழுதி வச்சுட்டேன். நடுவுல வந்து 'இது கணக்குல வருமா, வராதா'ன்னு நம்மகிட்டயே பஞ்சாயத்து வைக்கக் கூடாது.

ரெண்டு, ஒரு நோட்டு. வாங்கணும்னு தோணினதை எல்லாம் தேதி, விலை, எத்தனை மணிக்குத் தோணுச்சு, அப்போ என்ன பண்ணிட்டிருந்தேன்னு எழுதினேன். கார்ட்ல எதையும் போடல. மாசக் கடைசில 14 பொருள் இருந்துச்சு. திரும்பப் படிச்சப்போ ஒம்பதை நானே அடிச்சுட்டேன். அதுல ரெண்டு எதுக்கு எழுதினேன்னே ஞாபகம் இல்ல.

அந்த நோட்டு இன்னொண்ணும் காட்டிக்கொடுத்துச்சு. டெலிவரி ஆசை வந்த நாள் எல்லாம் ஆபீஸ் முடிச்சு ராத்திரி ஒம்பதரைக்கு மேல வீட்டுக்கு வந்த நாள். எனக்கு பிரியாணி மேல அவ்வளவு ஆசை ஒண்ணும் இல்ல, வீட்டுல சாப்பிட எதுவும் இல்லாததுதான் விஷயம். ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவும் நாலு முட்டையும் வச்சேன். மாசம் முடிஞ்ச பிறகும் அந்தச் செலவு பழைய அளவுக்குத் திரும்பல. காரணம் போனாதான் செலவு போகும்.

மூணு, பணத்தைக் கண்ணுல படாம நகர்த்தினேன். முதல் தேதியே 5,000 ரூபாயை யுபிஐ இணைக்காத இன்னொரு அக்கவுண்டுக்கு அனுப்பிட்டேன். முப்பதாம் தேதி பேலன்ஸைப் பார்த்து 'அடேங்கப்பா, இவ்வளவு இருக்கே'ன்னு தோண வாய்ப்பே இல்ல. ஆப்கள்ல சேமிச்சு வச்ச கார்டையும் நீக்கிட்டேன். விற்பனை நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திட்டேன்.

நாலு, மெதுவா வெளியே வந்தேன். நோட்டுல மிஞ்சினது அஞ்சு பொருள். அதுக்கு 2,500 ரூபா உச்சவரம்பு, வாரத்துக்கு ஒரு பொருள்தான். நாலாவது வாரம் வரும்போது கடைசி ரெண்டும் வேண்டாம்னு ஆயிடுச்சு.

இன்னொரு பள்ளம் இருக்கு, மாசம் தொடங்குறதுக்கு முந்தின நாள். 'நாளையில இருந்து முடியாதே'ன்னு அன்னைக்கே வாங்கிக் குவிச்சா, அதுவும் பின்னாடி வர்ற அதே வெறிதான், முன்கூட்டியே வந்திருக்கு. அதனால மூணு மாசத்தைச் சேர்த்துப் பாருங்க: முந்தின மாசம், அந்த மாசம், அடுத்த மாசம். மூணோட கூட்டுத்தொகை வழக்கத்தைவிடக் குறைஞ்சிருந்தாதான் நிஜமா மிச்சம்.

கடைசியா ஒண்ணு. சம்பளம் வாடகைக்கும் மளிகைக்குமே சரியாப் போகுதுன்னா இந்தச் சவால் உங்களுக்கு இல்ல. வெட்ட எதுவும் இல்லாத இடத்துல வெட்டினா, டாக்டரைப் பார்க்கிறதையும் சாப்பாட்டையும்தான் வெட்டுவோம். அதுக்குப் பேர் சேமிப்பு இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.