வாங்கியவருக்கே மீண்டும் விளம்பரம்: ஏன்? தடுப்பது எப்படி?

மிக்சி ஒன்றை இணையத்தில் வாங்கியவருக்கு அதே மிக்சியின் விளம்பரம் தொடர்ந்து காட்டப்படுவதற்குக் காரணம், விளம்பரத் தளத்தின் கணிப்புமுறை அப்பொருளின் பக்கத்தை அண்மையில் பலமுறை பார்த்தவரையே வாங்கக்கூடியவராகக் கருதுவதாகும். வாங்கி முடித்தவரும் அவ்வாறு பார்த்தவரே என்பதால், விலக்குமாறு தனியே குறிப்பிடாதவரை அவரும் இலக்குக் குழுவில் நீடிக்கிறார்.

மெட்டா தளத்தில், பிக்சல் எனப்படும் சிறு நிரல் ஒவ்வொரு விற்பனையையும் Purchase என்னும் நிகழ்வாகப் பதிவுசெய்ய, அவ்வாறு பதிவானோரின் குழுவை விளம்பரத்திலிருந்து விலக்கலாம். ஆயினும் இக்குழுவில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட காலம் வரையே இருப்பார். அதற்கு முன் வாங்கியோரையும் கடைக்கு நேரில் வந்து வாங்கியோரையும் விலக்க, அவர்களின் தொலைபேசி எண்களும் மின்னஞ்சல்களும் SHA-256 முறையில் குறியீடாக்கப்பட்டுத் தளத்தின் பயனர் தரவோடு ஒப்பிடப்படுகின்றன. எண்ணுக்கு முன் 91 என்னும் நாட்டுக் குறியீடு விடுபட்டாலோ, வாங்கியவர் வேறு எண்ணில் கணக்கு வைத்திருந்தாலோ ஒப்பீடு பொய்த்துவிடும். எனவே முழு விலக்கு இயலாது. நீண்ட விலக்கு எல்லாப் பொருளுக்கும் தேவையும் இல்லை: ஒரு மாதத்தில் தீரும் சோப்புக்கு இருபது நாள் விலக்கே போதும். அதைவிட நீண்டால் மறுவிற்பனை கெடும்.

வீணான செலவை விற்பனைப் பட்டியலே காட்டிவிடும். எடுத்துக்காட்டாக, ரூ.20,000 செலவில் விளம்பரத்தின் கணக்கில் சேர்ந்த 100 விற்பனைகளில் 40 பழைய வாடிக்கையாளருடையவை எனில், புதியவர் ஒருவரைப் பெற ஆன செலவு ரூ.200 அன்று, ஏறத்தாழ ரூ.333 ஆகும். விலக்கிய பின் அறிக்கையில் சராசரிச் செலவு உயர்வதைக் கண்டு பலர் விலக்கை நீக்கிவிடுகின்றனர். அது பிழையான முடிவு, ஏனெனில் உயர்ந்து தெரியும் அத்தொகையே உண்மையான செலவு.