சுவிட்சை அணைக்கும்போது ஏன் பொறி பறக்கிறது?

12 வோல்ட் பேட்டரியில் அரை ஆம்பியர் இழுக்கும் பல்பை அணைத்தால் சுவிட்சில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல்பை எடுத்துவிட்டு, இரும்பின் மேல் சுற்றிய ஒரு கம்பிச்சுருளை வைத்து அதே அரை ஆம்பியரை ஓடவிடுங்கள். அணைக்கும் கணத்தில் பளிச்சென்று பொறி தெறிக்கும். குட்டைக் கம்பியைப் பேட்டரியிலிருந்து பிரித்தால் வராத பொறி, நீளக் கம்பியைப் பிரித்தால் வருகிறது என்று அமெரிக்கரான ஜோசப் ஹென்றி 1832-இல் எழுதினார். சுருளின் தூண்டலை இன்று ஹென்றி என்ற அலகில்தான் அளக்கிறோம்.

நம் சுருளின் மின்தடை 24 ஓம், தூண்டல் 0.24 ஹென்றி என்று கொள்வோம். ஓடும் மின்னோட்டம் சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தைக் கட்டி வைத்திருக்கிறது. மின்னோட்டம் குறைந்தால் புலமும் சுருங்க வேண்டும். சுருங்கும் புலமோ, மின்னோட்டத்தை அதே திசையில் தொடர்ந்து தள்ளும் ஒரு மின்னழுத்தத்தைச் சுருளிலேயே உண்டாக்குகிறது. அதன் அளவு, மின்னோட்டம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பொறுத்தது. அரை ஆம்பியர் 10 மில்லிவிநாடியில் சீராகச் சுழியத்துக்கு வந்தால் 12 வோல்ட், 1 மில்லிவிநாடியில் வந்தால் 120, 0.1 மில்லிவிநாடியில் என்றால் 1,200. இந்த மின்னழுத்தம் பேட்டரியின் 12 வோல்ட்டோடு சேர்ந்து சுவிட்சின் இடைவெளிக்கு வந்து நிற்கிறது. பல்பில் சேமித்த காந்த ஆற்றல் என்று சொல்லும்படி ஏதுமில்லை. அதனால்தான் அது சத்தமில்லாமல் அணைகிறது.

சுவிட்சின் தொடுமுனைகள் ஒரே அடியாகப் பிரிவதில்லை. கடைசியாக ஒட்டியிருக்கும் சிறு புள்ளி வழியே முழு மின்னோட்டமும் நெருக்கிக்கொண்டு போவதால், அங்கே உலோகம் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியின் வழியாகவே மின்வில் பிடித்துக்கொள்ளலாம். அப்படி நடக்காவிட்டாலும், இடைவெளியில் ஏறக்குறைய 330 வோல்ட்டைத் தாண்டினால் காற்றே மின்சாரத்துக்கு வழிவிடத் தொடங்கும். காந்தப்புலத்தில் இருந்த 0.03 ஜூல் அங்கே ஒளியாகவும் வெப்பமாகவும் தீர்கிறது. கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் ஊசிமுனை அளவு உலோகத்தின் மேல் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தால் தொடுமுனை கறுத்துக் குழிவிழும். சுவிட்சின் இடத்தில் டிரான்சிஸ்டர் இருந்தால், ஒரே முறையில்கூடப் போய்விடலாம்.

இதற்காகவே ரிலே சுருளின் குறுக்கே ஒரு டயோடு வைக்கிறார்கள், கோடு போட்ட முனை பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்கும்படி. திருப்பி வைத்தால் பேட்டரியே ஷார்ட் ஆகும். அணைத்ததும் மின்னோட்டம் டயோடு வழியே சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்குகிறது. சுவிட்சுக்கு வருவது 13 வோல்ட்டுக்கும் குறைவு. அடங்க எடுக்கும் நேரத்தை L/R, அதாவது 0.24/24, சொல்கிறது: 10 மில்லிவிநாடியில் மின்னோட்டம் 37 விழுக்காடாகக் குறையும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. மின்னோட்டம் மெல்ல அடங்குவதால் ரிலேயும் தாமதமாக, சோம்பலாக விடுபடுகிறது. அது மோட்டாரை இயக்கும் ரிலேயாக இருந்தால், மெல்லப் பிரியும் அதன் தொடுமுனைகளில் மின்வில் கூடுதல் நேரம் எரிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். டயோடோடு தொடராக 24 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் மின்னோட்டம் இருமடங்கு வேகத்தில் அடங்கும். பதிலுக்குச் சுவிட்ச் சுமார் 25 வோல்ட்டைத் தாங்க வேண்டியிருக்கும்.