சனிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை



ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசைக்கும் பின்னால், வாசல் ஓரமாக நிற்கும் சில தாய்மாரை நாம் கவனித்திருப்போம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பிலோ சக்கர நாற்காலியிலோ வைத்துக்கொண்டு, பிள்ளை சத்தம் போட்டால் உடனே வெளியேற வசதியாக அங்கே நிற்பார்கள். நற்கருணை வாங்கியதும் கிளம்பிவிடுவார்கள். சில மாதங்கள் கழித்து அவர்கள் வருவதே நின்றுவிடும். "பிள்ளைக்கு முடியலையாம்" என்று நாம் பேசிக்கொள்வோம். பல வீடுகளில் முடியாமல் போனது தாய்க்குத்தான்.

அப்படி ஒரு வீட்டோடு எங்கள் அன்பியத்தார் சில மாதங்களாகப் பழகிவருகிறார்கள். வீட்டாரின் சம்மதத்தோடு, அடையாளம் தவிர்த்து அதைச் சொல்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம், கழுத்து ஓரளவு நிற்கும், தானாக உட்கார முடியாது. அவ்வப்போது வலிப்பும் வரும். தகப்பனார் லாரி ஓட்டுநர், வாரத்தில் நான்கு நாள் வெளியூர். பாட்டி இருக்கிறார், ஆனால் இருபத்திரண்டு கிலோ பிள்ளையைத் தூக்கும் வயது அவருக்கு இல்லை. ஒருவேளை உணவு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். இரவில் மூன்று முறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வந்துவிடும். ஒன்பது ஆண்டுகளில் அந்தத் தாய் விடிய விடியத் தூங்கியது அவர் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது மட்டும்தான். "அந்த நாலு நாள் நல்லா இருந்துச்சு ஃபாதர்" என்று அவர் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

களைப்பு வேறு, இப்படித் தீர்ந்துபோவது வேறு. களைத்தவர் ஒருநாள் தூங்கினால் தெளிந்துவிடுவார். தீர்ந்துபோனவருக்குத் தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராது. பிள்ளை அசையாமல் படுத்திருக்கும்போதும் அவர் விழித்துக்கொள்வார். கை வழக்கம்போல வேலை செய்யும், மனம் அதில் இருக்காது. ஊட்டும்போது காரணமில்லாமல் கோபம் வரும். கரண்டியை வாயில் சற்று வேகமாகத் திணித்துவிட்டு, அன்று இரவெல்லாம் அதை நினைத்து அழுவார். தன் மருந்தையும் சாப்பாட்டையும் தள்ளிப்போடுவார். யாராவது பார்க்க வந்தால் எரிச்சல் வரும். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டா நல்லது" என்ற சொல் வாயில் வந்துவிட்டால் அது புலம்பல் என்று விட்டுவிடக் கூடாது. அன்றே அவரோடு ஒருவர் இருக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அவரையே பேச வைக்க வேண்டும். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இப்படிப்பட்டவரிடம் போய் விசுவாசத்தைப் பற்றி அறிவுரை சொல்வது நம்மில் பலருக்கு வழக்கம். முதல் அரசர் நூலில் எலியா சூரைச் செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டியபோது வானதூதர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. தூங்கவிட்டார், எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். பயணம் தொலைவு என்ற பேச்சு இரண்டாம் முறை எழுப்பியபோதுதான் வந்தது.

எங்கள் அன்பியத்தாரும் முதலில் தவறாகத்தான் தொடங்கினார்கள். பிஸ்கட், பழம் வாங்கிக்கொண்டு ஆறு பேர் போனார்கள். அந்தத் தாய் ஆறு பேருக்கும் டீ போட்டார். கிளம்பும்போது எல்லாரும் "ஏதாவது உதவின்னா கூப்பிடுங்க" என்றார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்து, கேட்டு, வந்தவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பதற்குள், தானே செய்துவிடலாம். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மகன் எப்படிச் சாப்பிடுவான், எந்த அழுகை பசி, எந்த அழுகை வலி என்பதெல்லாம் அவர் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருந்தது. அது இன்னொருவருக்குக் கைமாறாதவரை, எத்தனை பேர் மனமுவந்து வந்தாலும் அவரால் வீட்டைவிட்டு நகர முடியாது.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து வேலை மறுபடி தொடங்கியது. அன்பியத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். ஊட்டும்போது பிள்ளையை நன்றாக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், தலை பின்னால் சாயக் கூடாது, தாடை சற்றுக் கீழே இருக்க வேண்டும். கஞ்சி நீர்த்து இருந்தால் புரையேறும், கெட்டியாக இருக்க வேண்டும். சிறிய கரண்டி, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இருமல், கண்ணில் நீர், தொண்டையில் கரகரவென்று ஈரச் சத்தம் இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

வலிப்புக்குத் தனிப் பக்கம். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கடியில் துணி, உடனே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ வைக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்துத் திணிக்கும் பழக்கத்தால் பயனில்லை, அது நேரத்தைத்தான் வீணாக்கும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்றது உடனே மறுபடி வந்தாலோ 108. அந்தப் பக்கத்தை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டினார்கள்.

பிறகு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். முறைப்படி இருவர் போவார்கள், மூன்றாமவர் மாற்று ஆள். எப்போதும் இருவர் சேர்ந்தே இருக்க வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் தாய்க்கு நன்கு பழக்கமான பெண்ணாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவாயிற்று. வாய்பேச முடியாத பிள்ளையை ஒருவரிடம் தனியே விடக் கூடாது. அந்த ஒருவர் எவ்வளவு நல்லவரானாலும் சரி. நேரம் சனிக்கிழமை மூன்று முதல் ஐந்து. மாத்திரை இரண்டு மணிக்கும் இரவு எட்டுக்கும் என்பதால் இடையில் மருந்து கொடுக்க வேண்டிய பொறுப்பு வராது. அப்படி நேரம் பார்த்து அமைப்பதே பாதி வேலை.

முதல் சனிக்கிழமை வெறுமனே உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் தாய் பார்க்க ஊட்டினார்கள். அன்று பிள்ளை அழுத அழுகையில் எல்லாமே நின்றுவிடும்போல இருந்தது. செவிலியர் அம்மாதான் கண்டுபிடித்தார். புதியவர்கள் அவனைச் சுவர் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள், அவனுக்குத் தெருவாசல் தெரிய வேண்டும். அதுவும் நோட்டில் ஏறியது. மூன்றாம் வாரம் தாய் திண்ணையில் உட்கார்ந்தார். நான்காம் வாரம் அரை மணி நேரம் வெளியே போகச் சொன்னோம், பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். ஆறாம் வாரம்தான் முழு இரண்டு மணி நேரம்.

அன்று எங்கே போனார் தெரியுமா? ரேஷன் கடைக்கு. வரிசையில் நின்று அரிசி வாங்கிக்கொண்டு வந்து, "நேரம் கிடைச்சதுல வேலை முடிஞ்சது" என்றார். அதைக் கேட்டபின் ஒரு விதி வைத்தோம். அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டு வேலை எதுவும் செய்யக் கூடாது; ரேஷன் அரிசியை அன்பியத்து இளைஞர் யாராவது வாங்கிவருவார். அடுத்த சனிக்கிழமை அவர் இரண்டு தெரு தள்ளியுள்ள அக்காள் வீட்டுக்குப் போய்த் தரையில் படுத்துத் தூங்கிவிட்டார். ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தார். எங்கள் பெண்கள் போன் செய்யவில்லை.

ஒரு சனிக்கிழமை இருவருமே வரவில்லை. ஒருவருக்குக் கல்யாணம், மற்றவர் மறந்துவிட்டார், மாற்று ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. தாய் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நாலு மணி வரை காத்திருந்திருக்கிறார். ஓய்வே இல்லாத நாளைவிட அது அவரை அதிகம் உடைத்துவிட்டது, அடுத்த வாரம் "வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். மறுபடி ஒப்புக்கொள்ள வைக்க ஒரு மாதம் ஆயிற்று. வாரம் தவறாமல் முடியாது என்றால் மாதம் இருமுறை என்று சொல்லி, அந்த இரண்டைத் தவறவிடாமல் செய்வது நல்லது.

வாரத்தில் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இரவு விழிப்பு அப்படியே இருக்கிறது. தகப்பனார் வீட்டில் இருக்கும் மூன்று இரவுகளில் இரண்டை அவர் ஏற்க வேண்டும், தாய் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். முதலில் அவருக்குப் புரட்டிப் போடத் தெரியவில்லை. ஒன்பது வருடமாக யாரும் அவரைச் செய்யவிட்டதில்லை. இந்த வீட்டில் மூத்த மகள் இல்லை. இருக்கிற வீடுகளில் அவள்தான் சம்பளமில்லாத மாற்று ஆள் ஆகிறாள், அதற்கு நாம் துணைபோகக் கூடாது.

அரசின் பக்கம் கிடைப்பதையும் கேட்டுப்பெற வேண்டும். ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை, பகல்நேரப் பராமரிப்பு மையம், சிறப்புப் பள்ளி பற்றி விசாரிக்கலாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். அலைவதற்குத் தாய்க்கு நேரம் இல்லை. சான்றிதழ் நகல்களோடு அவருக்காக ஒருவர் போய் விசாரித்து வருவதும் ஓய்வு கொடுப்பதுதான்.

தாய்க்கே திடீரென்று முடியாமல் போனால் பிள்ளையைச் சில நாள் இல்லத்தில் விட வேண்டிவரலாம். அந்த இல்லத்தை அவசரம் வருவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், சொல்லாமல் வந்து பார்க்க விடுவார்களா, ஊட்டுவது யார் என்று கேட்க வேண்டும். சொல்லாமல் வரக் கூடாது என்றால் அந்த இடம் வேண்டாம். முதலில் ஒரு பகல், பிறகு ஒரு இரவு விட்டுப் பார்த்து, திரும்பி வந்ததும் உடம்பில் புண், காயம், எடை, பயம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இந்த வீட்டில் இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. நோட்டின் நகல், மருந்துச் சீட்டு, மூன்று நாள் மாத்திரை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், இரண்டு செட் துணி அதில் இருக்கின்றன.

நம் பங்கில் இப்படி இன்னும் நான்கு வீடுகள் இருப்பதாக அன்பியத் தலைவர்கள் சொல்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று பேர் தேவை. ஆறு மாதம் நிற்க முடிந்தவர்கள் மட்டும் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பயிற்சிக்கு அந்தச் செவிலியர் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். போகும்போது அவர்கள் டீ போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்கில் நீங்களே கொண்டுபோங்கள்.