ஒரு பம்பு, மூன்று பட்டறைகள்

கிணற்று மேட்டில் ஓடும் பம்புசெட்டில் மூன்று தொழில்கள் கைகோத்து நிற்கின்றன. நத்தை ஓடு போல வளைந்த கேசிங் வார்ப்பாலையில் பிறந்தது. அதையும் மோட்டாரையும் சுமக்கும் அடிச்சட்டம் வெல்டிங் பட்டறையில் இணைக்கப்பட்டது. உள்ளே சுழலும் ஷாஃப்ட் லேத்தில் கடைந்தெடுக்கப்பட்டது. கோவை வட்டாரத்தில் இந்த மூன்று பட்டறைகளையும் ஒரே தெருவில்கூடப் பார்க்கலாம்.

'வார்ப்பு, வெல்டிங், மெஷினிங் ஒப்பிடுக' என்பது மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பழக்கமான கேள்வி. பலரும் தத்துவம், குறைபாடு, பயன் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வார்கள். அவ்வளவு சிரமம் தேவையில்லை. உலோகம் எவ்வளவு உருகுகிறது என்று கேட்டாலே போதும். வார்ப்பில் முழுவதும் உருகுகிறது. வெல்டிங்கில் இணைப்பு மட்டும் உருகுகிறது. மெஷினிங்கில் எதுவும் உருகுவதில்லை. கூரான டூல் வேண்டாத பகுதியைச் சீவி எடுக்கிறது. குறைபாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் கேசிங். அதன் உள்ளே தண்ணீர் சுழன்று வெளியேறும் பாதை வளைந்து வளைந்து அகலமாகிக்கொண்டே போகும். அந்த வளைவுக்குள் எந்த டூலும் எளிதில் நுழையாது. ஆகவே அந்த வெற்றிடத்தின் உருவத்தையே மணலில் செய்துகொள்கிறார்கள். இதுதான் கோர். வெளி உருவத்துக்கு ஒரு பேட்டர்ன் வைத்து, களிமண்ணும் ஈரமும் கலந்த மணலை இடித்து மோல்டு எடுப்பார்கள். பேட்டர்னை எடுத்துவிட்டு, கோரை உள்ளே வைத்து, மோல்டை மூடி, சுமார் 1,350 டிகிரி செல்சியஸ் சூட்டில் வார்ப்பிரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மி.மீ. சுருங்கும் என்பதால் பேட்டர்னையே அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்திருப்பார்கள்.

இப்போது ஒரு சிக்கலைப் பார்ப்போம். கேசிங்கின் முகங்களைக் கடைந்து முடித்து, துவாரங்களை அடைத்து, தண்ணீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திச் சோதிக்கிறார்கள். ஃபிளாஞ்சும் மெல்லிய சுவரும் சேரும் இடத்தில் வியர்வை போலத் தண்ணீர் கசிகிறது. வார்ப்பு வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கடைசலில் மேல்தோல் போனதும் உள்ளே ஒளிந்திருந்த ஓட்டை வெளிப்பட்டுவிட்டது.

அது எதனால் வந்த ஓட்டை? அந்த இடத்தை வெட்டிப் பார்த்தால் ஓட்டையின் சுவரே சொல்லிவிடும். உருண்டையாக, வழவழப்பாக இருந்தால் அது வாயு செய்த வேலை; ப்ளோ ஹோல் என்பார்கள். மணலில் ஈரம் கூடியிருக்கும், கோர் சரியாகக் காய்ந்திருக்காது, அல்லது வாயு வெளியேற வழியில்லாமல் மணலை இறுக்கி இடித்திருப்பார்கள். ஓட்டை கோணல்மாணலாக, சுவர் சொரசொரப்பாக இருந்தால் அது சுருக்கம். மெல்லிய சுவர் சீக்கிரம் உறைந்துவிடுகிறது. தடித்த ஃபிளாஞ்ச் கடைசியில் உறைகிறது. அப்போது அதற்குத் தேவையான உருகிய இரும்பு வந்து சேரப் பாதை மூடிக்கிடக்கும். சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் விரிந்து இந்தச் சுருக்கத்தைப் பெருமளவு ஈடுகட்டும். என்றாலும் தடிமன் சட்டென்று மாறும் இடத்தில் ஆபத்து உண்டு.

இரண்டுக்கும் மருந்து வேறு. வாயு என்றால் மணலைக் காய வைக்க வேண்டும், வென்ட் குத்த வேண்டும். சுருக்கம் என்றால் தடித்த இடத்துக்குப் பக்கத்தில் ரைசர் வைத்து, கடைசிவரை உருகிய இரும்பு ஊட்ட வேண்டும். மூலையை வளைவாக்கித் தடிமன் மெல்ல மாறும்படி பேட்டர்னையும் திருத்த வேண்டும். நோய் தெரியாமல் ஈரத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தால் சுருக்க ஓட்டை அடுத்த வார்ப்பிலும் வந்து நிற்கும்.

'ஓட்டைதானே, வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம்' என்று தோன்றும். வெல்டிங்கின் இயல்பு இங்கேதான் தெரிகிறது. ஆர்க்கின் சூடு சிறு இடத்தில் மட்டும் விழுகிறது. சுற்றிலும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. வார்ப்பிரும்பில் கார்பன் 3 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், வேகமாக ஆறும் ஓரம் கடினமாகி, கண்ணாடிபோல் உடையும் தன்மைக்கு வந்துவிடும். வெல்டு நிற்கும், பக்கத்தில் விரிசல் விடும். நிக்கல் ராடு, முன்கூட்டியே சூடாக்குவது, சிறு சிறு துண்டாக ஓட்டி ஆறவிடுவது என்று வழிகள் உண்டு. ஆனால் அழுத்தம் தாங்க வேண்டிய புதிய கேசிங்கை இப்படி ஒட்டுப்போட்டு விற்பதைவிட, உடைத்து மறுபடி உருக்குவதே நல்லது.

வெல்டிங்குக்கு உரிய இடம் அடிச்சட்டம். மைல்டு ஸ்டீல் சேனலில் கார்பன் குறைவு; சூட்டைத் தாங்கும். பத்துச் சட்டம் வேண்டுமென்றால் பேட்டர்ன் செலவே இல்லாமல் வெட்டி இணைத்துவிடலாம். ஆனால் உருகிய மணி ஆறும்போது சுருங்கி, சட்டத்தையே ஒரு பக்கம் இழுக்கும். மோட்டார் உட்காரும் மட்டமும் பம்பு உட்காரும் மட்டமும் விலகினால் கப்ளிங் நேராக நிற்காது. பேரிங் சீக்கிரம் போய்விடும். அதனால் முதலில் நான்கு மூலையிலும் டேக் வைத்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். கண்ணில் படும் குறைகளில் அண்டர்கட் முக்கியமானது: வெல்டின் ஓரத்தில் விழும் பள்ளம். கரண்ட் கூடுதலாக வைத்தாலோ, ஆர்க்கை நீளமாகப் பிடித்தாலோ அது வரும். முந்தைய ஓட்டத்தின் கசடைச் சுரண்டாமல் அடுத்ததை ஓட்டினால் கசடு உள்ளேயே புதைந்துவிடும். மேலே பார்த்தால் தெரியாது.

மூன்றாவது ஷாஃப்ட். 6305 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அதில் இறுக்கமாக உட்கார, ஷாஃப்டின் அளவு 25.002 முதல் 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணலும் ஆர்க்கும் எட்ட முடியாத நுட்பம் இது. லேத்தும் அதன் பிறகு கிரைண்டிங்கும்தான் கொடுக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: 30 மி.மீ. ராடை 25-க்குக் கடைந்தால் கிட்டத்தட்ட 30 சதவீத எஃகு சுருளாகக் கீழே விழுகிறது.

இங்கே குறைபாட்டின் வேர் சூடு அல்ல, விசை. நீளமான ராடை ஒரு முனையில் சக்கில் மட்டும் பிடித்தால், டூல் தள்ளும்போது வெளிமுனை வளைந்து விலகும். அங்கே வெட்டு குறைந்து விட்டம் கூடிவிடும். மைக்ரோமீட்டரை இரண்டு முனையிலும் வைத்தால் தெரிந்துவிடும். டெயில்ஸ்டாக்கில் சென்டர் கொடுத்துத் தாங்கினால் சரியாகும். மேற்பரப்பில் வரிவரியாக அலை விழுந்தால் அது அதிர்வு. டூலை வெளியே நீட்டிப் பிடித்திருக்கலாம், வேகம் மாற்ற வேண்டியிருக்கலாம்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் அட்டவணையை இப்படி எழுதுங்கள். வார்ப்பு: முழுவதும் உருகும், வாயுவும் சுருக்கமும் எதிரி, சிக்கலான உருவத்துக்கும் அதிக எண்ணிக்கைக்கும் ஏற்றது. வெல்டிங்: இணைப்பு மட்டும் உருகும், கோணலும் விரிசலும் எதிரி, சட்டங்களுக்கும் சில்லறை எண்ணிக்கைக்கும் ஏற்றது. மெஷினிங்: உருகாது, வளைவும் அதிர்வும் எதிரி, நுட்ப அளவுக்கு ஏற்றது. கூடவே, வார்த்த கேசிங்கும் வெல்டு செய்த சட்டமும் கடைசியில் மெஷினுக்குத்தான் வந்தாக வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். இம்மூன்றும் போட்டியாளர்கள் அல்ல, அடுத்தடுத்த கட்டங்கள்.